ஊருக்கு ஊர் வழக்கம் மாறினால் அறமும் மாறிவிடுமா?

கேள்விக்குறி

எல்லோருக்கும் வணக்கம். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் சொல்லும் ஒரு சம்பவத்தைப் படித்ததும் எனக்கு ஒரு முடிவு தெளிவாகிவிட்டது. ஆனால் நண்பர் ஒருவர், அந்தச் சம்பவத்திலிருந்து அந்த முடிவு வராது என்கிறார். அதனால் இங்கே வைக்கிறேன்.

பாரசீக மன்னர் டேரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்துபோன தகப்பனின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்கிறார். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்கிறார்கள். பிறகு கல்லாத்தியர் என்ற மக்களை வரவழைக்கிறார். பெற்றோர் இறந்தால் உடலை உண்பது அவர்கள் வழக்கம். கிரேக்கர்கள் பக்கத்தில் நிற்க, நடப்பதை மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு விளக்க, எவ்வளவு கொடுத்தால் தகப்பனின் உடலை நெருப்பில் எரிப்பீர்கள் என்று கல்லாத்தியரைக் கேட்கிறார். அவர்கள் அலறிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார்கள்.

இரண்டு பக்கமும் அருவருப்பு ஒரே அளவு. இரண்டு பக்கமும் தாங்கள் செய்வதுதான் சரி என்று நம்புகிறார்கள். அப்படியானால் "சரி" என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது? கிரேக்கனுக்கு எரிப்பது சரி, கல்லாத்தியனுக்கு உண்பது சரி, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான அறம் என்பதே வீண் பேச்சு என்று நான் சொல்கிறேன். எங்கே தப்பு?

அகல்விழி

தப்பே இல்லை நண்பரே. நானும் உங்கள் பக்கம்தான். "எல்லோருக்கும் பொதுவான அறம்" என்று யார் யார் சொன்னார்கள் என்று வரலாற்றில் பாருங்கள். நாடு பிடிக்கப் போனவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். தங்கள் வழக்கத்துக்கு அறம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வழக்கத்துக்குக் காட்டுமிராண்டித்தனம் என்று பெயர் வைத்தார்கள். 1947-ல் அமெரிக்க மானுடவியல் சங்கம், ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோதே, ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள் என்று எச்சரித்து ஓர் அறிக்கை கொடுத்தது. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதியது. அவர்கள் சும்மா சொல்லவில்லை. எனவே சகிப்புத்தன்மை வேண்டும் என்றால், சரி தவறு என்பது அவரவர் பண்பாட்டைப் பொறுத்தது என்னும் சார்புவாதத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

மெய்ப்பொருள்

கேள்விக்குறி, உங்கள் நண்பர் சொன்னது சரி என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் தொடங்கிய இடம் மக்கள் எதை நம்புகிறார்கள் என்பது. போய்ச் சேர்ந்த இடம் எது உண்மை என்பது. நடுவே பாலம் இல்லை. இரண்டு கூட்டத்தார் ஒரு விஷயத்தில் முரண்படுகிறார்கள் என்பதிலிருந்து, அந்த விஷயத்தில் சரியான விடையே இல்லை என்று வந்துவிடாது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதில் மனிதர்கள் ஆயிரம் விதமாக நம்பியிருக்கிறார்கள். அதனால் நோய் பரவுவதற்கு உண்மையான காரணமே கிடையாது என்று யாரும் சொல்வதில்லை. அறம் நோயைப் போன்ற விஷயம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஏன் இல்லை என்பதற்குத் தனியாக ஒரு காரணம் காட்ட வேண்டும். வழக்கங்கள் வேறுபடுகின்றன என்பது மட்டும் அந்தக் காரணம் ஆகாது.

அகல்விழிக்கு இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சமாகிவிடும். உலகம் முழுக்க ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாலும் அது சரி என்று ஆகிவிடாது. அடிமை முறையை மிகப் பெரும்பாலான சமூகங்கள் ஒரு காலத்தில் இயல்பாக எடுத்துக்கொண்டன. ஒற்றுமையும் நிரூபணம் இல்லை, வேற்றுமையும் நிரூபணம் இல்லை. தலைகளை எண்ணி இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது.

டேரியஸ் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டு கூட்டத்தாரும் ஏன் பதறினார்கள்? இறந்த தகப்பனை அவமதிக்கக் கூடாது என்பதால். அந்த இடத்தில் இருவருக்கும் ஒரு துளி வேறுபாடு இல்லை. எது மரியாதை, எது அவமரியாதை என்பதில்தான் பிரிகிறார்கள். ஹெரோடோடஸ் இந்தக் கதையை எதற்காகச் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எகிப்தியரின் கோயில்களையும் சடங்குகளையும் கேலி செய்த காம்பிசஸ் மன்னன் புத்தி பேதலித்தவன் என்று காட்டுவதற்காக. அதாவது "பிறர் புனிதமாக நினைப்பதை எள்ளி நகையாடாதே" என்று எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொல்வதற்குத்தான் அவர் இதைப் பயன்படுத்துகிறார்.

நேர்நடை

அப்படியென்றால் உலகத்துக்கே ஒரே சட்டம் போட வேண்டும் என்கிறீர்களா? யார் போடுவது? நம் பழக்கவழக்கம் எல்லாம் தப்பு என்று வேறொருவர் வந்து சொன்னால் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

மெய்ப்பொருள்

இல்லை நேர்நடை, சட்டம் பற்றிய கேள்வியே இங்கு வரவில்லை. பொதுவான அறம் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி வாழ வேண்டும் என்று பொருளில்லை. இறந்தவரை மதிக்க வேண்டும் என்பது பொது என்றால், எரிப்பது, புதைப்பது, கல்லாத்தியர் செய்தது எல்லாமே அதை நிறைவேற்றும் வழிகளாக இருக்க முடியும். அடுத்து, ஒரு செயல் தவறு என்பதும், அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மனைவியிடம் பொய் சொல்வது தவறுதான். அதற்காக நான் அவர் வீட்டுக்குள் போய்த் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரவுப்பணி

நான் நர்ஸ். தத்துவம் படிச்சதில்லை. ஆனா இந்த இழையைப் படிக்கும்போது எங்க வார்டுல நடந்ததுதான் ஞாபகம் வருது, அதனால எழுதுறேன்.

வயசான அம்மா ஒருத்தங்க. புற்றுநோய், நல்லாவே பரவிடுச்சு. மகன் டாக்டர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்கன்னு கேட்டுக்கிட்டார். டாக்டரும் சரின்னுட்டார். மகன் ஃபைல் அட்டையில இருந்த துறையோட பேரு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டார். ஒரு ராத்திரி ஊசி போடப் போனப்போ அந்த அம்மா அட்டையைக் காட்டி, "இதுல எதை மறைச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வரல. நாளைக்கு டாக்டரைக் கேளுங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் எங்களுக்குள்ள பெரிய விவாதம். கூட வேலை பார்க்கிற ஒருத்தங்க, நோயாளிகிட்ட மறைக்கிறது அப்பட்டமான துரோகம்னாங்க. இன்னொரு சீனியர், "அவங்க குடும்பத்து வழக்கம் அப்படி, நாம யாரு கேக்கிறதுக்கு"ன்னு சொன்னாங்க. அத்தோட பேச்சு முடிஞ்சுபோச்சு. எனக்கு அந்த முடிவு இன்னைக்கு வரைக்கும் திருப்தியா இல்லை. வழக்கம்னு சொன்னதும் யோசிக்கிறதையே நிறுத்திட்ட மாதிரி இருந்துச்சு. இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?

மெய்ப்பொருள்

இரவுப்பணி அக்கா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கே கிடைத்த நல்ல உதாரணம். டேரியஸை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் மருத்துவர்களிடமே கேட்டு எடுத்த தகவல்கள் இருக்கின்றன.

1961-ல் டொனால்ட் ஓக்கன் என்ற மருத்துவர், சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் புற்றுநோய் வந்தவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் வேறொரு மருத்துவமனையில் அதே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். இடையில் 18 ஆண்டுகள்தான். நாடு அதே நாடு, தொழில் அதே தொழில்.

இந்த இரண்டு தலைமுறை மருத்துவர்களையும் வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் என்ன சொல்வார்? ஒரு கூட்டம் பொய்யை அறமாக நினைக்கிறது, இன்னொரு கூட்டம் உண்மையை அறமாக நினைக்கிறது, இரண்டுக்கும் பொது எதுவும் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

1961-ல் சொல்லாமல் விட்டவர்கள் பொய்யை விரும்பியவர்கள் அல்ல. நோயாளிக்குக் கெடுதல் செய்யக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். 1847-ல் வந்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒழுக்க விதிகளே, நோயாளியின் ஆயுளை மருத்துவரின் செயல் மட்டுமல்ல, சொல்லும் குறைத்துவிடலாம் என்று எச்சரிக்கின்றன. செய்தியைக் கேட்டால் நோயாளி இடிந்துபோவார், நம்பிக்கை இழப்பார், உயிரைக்கூட மாய்த்துக்கொள்ளலாம் என்று பயந்தார்கள். அது நடப்பைப் பற்றிய ஓர் ஊகம். சோதித்துப் பார்க்கக் கூடியது. ஓக்கன் கண்ட முக்கியமான விஷயமும் இதுதான்: எங்கள் அனுபவம் இப்படிச் சொல்கிறது என்று அந்த மருத்துவர்கள் சொன்னார்களே தவிர, மாற்றிச் செய்து பார்த்த அனுபவம் பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. மனசுக்குள் ஏற்கெனவே இருந்த முடிவுக்கு அனுபவம் என்று பெயர் கொடுத்திருந்தார்கள்.

பிறகு என்ன மாறியது? சிகிச்சைகள் பெருகின. மருந்தை ஏற்பதா, அறுவைக்குப் போவதா என்று முடிவு செய்ய நோயாளிக்கு விவரம் தெரிய வேண்டியிருந்தது. நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தபோது, தெரிந்துகொள்ளத்தான் விரும்புகிறோம் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். சொன்னால் இடிந்துவிடுவார்கள் என்ற பயம் நினைத்த அளவுக்கு உண்மையாகவில்லை. "கெடுதல் செய்யாதே" என்ற அடிப்படை அப்படியே இருக்க, கெடுதல் எது என்ற கணக்குதான் மாறியது. எல்லாம் கணக்கு மட்டுமே என்றும் சொல்ல மாட்டேன். தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் வலுப்பெற்றது, அது வெறும் தகவல் மாற்றம் இல்லை.

சார்புவாதம் இங்கே எங்கு தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். 1961-ல் அந்த வழக்கத்துக்கு மாறாக உண்மையைச் சொன்ன பத்து சதவீத மருத்துவர்கள் இருந்தார்களே, அவர்களைப் பற்றி என்ன சொல்வீர்கள்? சமூகம் ஏற்பதுதான் சரி என்றால் அன்று அவர்கள் செய்தது தவறு. அவர்கள் வாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறு. பிறகு பெரும்பான்மை அவர்கள் பக்கம் வந்த நாளில், அதே செயல் சரியாக மாறிவிட்டது. பெரும்பான்மையை அவர்கள் பக்கம் கொண்டுவந்த காரணங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எனக்கு இதை ஏற்க முடியவில்லை. அவர்கள் முன்கூட்டியே எதையோ சரியாகப் பார்த்தார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கேள்விக்குறி

இது ஒரே நாட்டுக்குள் நடந்த மாற்றம். மருந்து வளர்ந்தது, பேச்சும் வளர்ந்தது, சரி. ஆனால் ஒரே காலத்தில், ஒரே மருந்து கிடைக்கும் இடத்தில், இரண்டு பண்பாட்டார் வேறு வேறு விதமாக நினைத்தால்? அப்போது தகவல் வேறுபாடு என்று சமாளிக்க முடியாதே.

மெய்ப்பொருள்

நல்ல கேள்வி. அப்படியும் பார்த்திருக்கிறார்கள். 1995-ல் வெளிவந்த ஓர் ஆய்வு: லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 800 பேர், நான்கு இனப் பின்னணிகளிலிருந்து தலா 200 பேர். பரவிய புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வழிவந்தவர்களில் 87 சதவீதம், ஆப்பிரிக்க வழிவந்தவர்களில் 88 சதவீதம் சொல்ல வேண்டும் என்றார்கள். மெக்சிகோ வழிவந்தவர்களில் 65. கொரிய வழிவந்தவர்களில் 47.

வேறுபாடு நிஜம், பெரியதும்கூட. மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்த 47-ஐ நிதானமாகப் பாருங்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேறுவிதமாக நினைக்கிறார்கள். அப்படியானால் "அவர்கள் பண்பாடு சொல்வது" எது? சார்புவாதத்தின்படி தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியே பண்பாடுதான். அந்த நீதிபதி இரண்டு குரலில் பேசுகிறார். எந்தக் குரல் செல்லும் என்று தீர்மானிக்க வேறொரு அளவுகோல் வேண்டியிருக்கிறது. பெரும்பான்மை என்றால் 47-ம் 53-ம் அறத்தைத் தீர்மானித்துவிடுமா? மூத்தவர்கள் சொல்வது என்றால், ஏன் மூத்தவர்கள்? அக்காவின் வார்டில் "அவர்கள் குடும்பத்து வழக்கம்" என்று சொன்னபோது, உண்மையில் கேட்கப்பட்டது மகனின் குரல். அந்த அம்மாவும் அதே குடும்பம்தான். பிளாஸ்திரியைக் காட்டிக் கேட்டவர் அவர்.

பழஞ்சுவடி

மெய்ப்பொருள் எழுதியவை நன்றாக இருக்கின்றன, ஆனால் எதிர்த்தரப்பை அதன் பலவீனமான வடிவத்தில் மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறார். வேற்றுமையிலிருந்து சார்புவாதம் நேரடியாக வந்துவிடும் என்று எந்த நிதானமான சார்புவாதியும் சொல்வதில்லை. அவர் சொல்வது இது: மனிதர்களின் அறக் கருத்துகள் இப்படி வேறுபடுவதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். எங்கோ ஓர் அற உண்மை இருக்கிறது, பெரும்பாலானோர் அதை அரைகுறையாகப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு கூட்டமும் எப்படி வாழ்கிறதோ அதற்கேற்ற விதிகளைப் போற்றுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது எளிமையானது, நடப்போடு பொருந்துவது. தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977-ல் வைத்த வாதம் ஏறத்தாழ இந்த வடிவம்தான். இது நிரூபணம் இல்லை, எது நல்ல விளக்கம் என்ற ஒப்பீடு. "பாலம் இல்லை" என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்து, அடியில் எல்லோரும் ஒன்றுதான், தகவலில்தான் வேறுபாடு என்பது எப்போதும் எடுபடாது. ரிச்சர்ட் பிராண்ட் என்ற தத்துவவாதி இதைச் சோதிக்கவே அமெரிக்கத் தென்மேற்கில் ஹோப்பி என்ற பூர்வகுடி மக்களிடையே போய் இருந்து விசாரித்தார். 1954-ல் புத்தகமாக வந்தது. அங்கே குழந்தைகள் பறவைகளைப் பிடித்துக் கயிற்றில் கட்டி விளையாடுவார்கள். விளையாட்டு முரட்டுத்தனமானது. சிறகோ காலோ முறியும், பறவை சீக்கிரம் செத்துப்போகும். பெரியவர்கள் அதைப் பெரிய தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பிராண்டுக்கு இது கொடுமையாகப் பட்டது. உடனே அவர் தேடியது மெய்ப்பொருள் தேடுவதைத்தான். பறவைக்கு வலிக்காது என்று நம்புகிறார்களா? செத்த பின் பறவைக்கு நல்ல கதி கிடைக்கும் என்று நம்புகிறார்களா? அப்படி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பறவையைப் பற்றிய தகவலில் அவரும் அவர்களும் ஒன்றுதான். ஆனாலும் தீர்ப்பு வேறு. பிராண்ட் சார்புவாதத்தை ஆதரிக்கப் போனவர் இல்லை, அதனால்தான் அவர் சாட்சி கனமானது.

மெய்ப்பொருள்

பழஞ்சுவடி ஐயா, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வடிவம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறும் வேற்றுமைப் பட்டியலுக்கும் இதற்கும் மலையளவு வித்தியாசம். இங்கே நீங்கள் செய்வது, தகவல், சூழல், வாய்ப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று கேட்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறதே என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை. என் முதல் ஆட்சேபம் அவர்கள் மீதுதான்.

ஹோப்பி பறவை விஷயத்தில் எனக்கு இரண்டு தயக்கம் உண்டு. முதலாவது, தகவல் ஒன்றுதான் என்று எப்படி உறுதியாவது? "பறவைக்கு வலிக்குமா?" என்று கேட்டால் ஆம் என்பார்கள். ஆனால் வலிக்கும் என்று ஒப்புக்கொள்வதும், அந்த வலியைக் கண்ணால் நின்று கவனிப்பதும் வேறு. இரவும் பகலும் பார்த்துப் பழகிய ஒன்றில் கவனம் நிற்காது. இது ஹோப்பிகளுக்கு மட்டும் அல்ல. பிராண்ட் வாழ்ந்த சமூகம் கோழிகளையும் பன்றிகளையும் எப்படி அடைத்து வளர்த்தது என்று ஒரு ஹோப்பி பெரியவர் போய் விசாரித்திருந்தால், வலி தெரிந்தும் பொருட்படுத்தாத ஒரு மக்கள் கூட்டம் என்று அவரும் குறிப்பு எழுதியிருக்கலாம். அதனால் இரண்டு பண்பாட்டின் அடிப்படை மதிப்பீடுகள் மோதுகின்றன என்பதைவிட, இருவரும் தங்களுக்குப் பழகிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இரண்டாவது, கழித்துப் பார்த்த பின்னும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வருவது, அந்த இடத்தில் இரண்டு விடைக்கு இடம் இருக்கலாம் என்பதுதான். விலங்குகளுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள் என்பதில் ஒரே விடை இல்லாமல் இருக்கலாம். அதனால் விளையாட்டுக்காக மனிதக் குழந்தையைச் சித்திரவதை செய்வதிலும் இரண்டு விடை உண்டு என்று ஆகாது. அறம் முழுக்கவே பண்பாட்டின் உருவாக்கம் என்ற பெரிய முடிவுக்கு ஒரு மூலையில் கிடைத்த சான்று போதாது.

பழஞ்சுவடி

முதல் தயக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. "அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எந்த வேறுபாட்டைப் பற்றியும் சொல்லிவிடலாம். அப்படியென்றால் உங்கள் கொள்கைக்கு எதிராக எந்தச் சான்றும் எப்போதும் வர முடியாது. கவனம் போதவில்லை என்பதை, தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு வழி வேண்டும்.

இரண்டாவதை ஏற்கிறேன். நான் முழுச் சார்புவாதி இல்லை.

மெய்ப்பொருள்

நியாயமான கண்டனம். ஒரு வழி சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சமூகத்துக்குள்ளேயே, அந்தச் செயலை அருகிலிருந்து பார்த்தவர்கள், அதனால் பாதிக்கப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? கவனம் கூடக் கூட அவர்கள் கருத்து எந்தப் பக்கம் நகர்கிறது? மருத்துவர்கள் விஷயத்தில் இதைக் காட்ட முடிந்தது. நோயாளிகளைக் கேட்டபோது கருத்து ஒரு திசையில் நகர்ந்தது. பறவை வாய் திறந்து சொல்லாது என்பதால் அங்கே இந்தச் சோதனை கடினம். ஆகவே ஹோப்பி விஷயத்தைத் தீர்ந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

அகல்விழி

நீங்கள் இருவரும் பேசுவதைப் படித்தேன். ஆனால் என் கவலை அப்படியே நிற்கிறது. பொது அறம் உண்டு என்று ஒப்புக்கொண்ட அடுத்த நிமிடம், பலம் உள்ளவன் தன் வழக்கத்தைப் பொது அறம் என்று கொண்டுவந்து நிறுத்துவான். நடந்ததும் அதுதானே. அதற்கு என்ன தடுப்பு?

மெய்ப்பொருள்

உங்கள் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கவலை எதன் மேல் நிற்கிறது? பலம் உள்ளவன் எளியவன் மீது தன் வழக்கத்தைத் திணிப்பது தவறு என்பதன் மேல். எந்தப் பண்பாட்டில் தவறு? திணித்தவனின் பண்பாடு அதைக் கடமை என்று போற்றியது. அவன் நாட்டில் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். சார்புவாதத்தை முழுசாக ஏற்றால் அவனைப் பார்த்து நீங்கள் சொல்லக் கூடியது, "எங்கள் ஊரில் இது தவறு" என்பது மட்டும்தான். நீங்கள் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறீர்கள், சொல்லவும் வேண்டும். சகிப்புத்தன்மை எல்லோருக்கும் கடமை என்றால் அதுவே ஒரு பொது அறம்தான்.

1947 அறிக்கைக்கும் இதே சிக்கல் வந்தது. அடுத்த ஆண்டே ஜூலியன் ஸ்டூவர்ட் போன்ற சக மானுடவியலாளர்கள், எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு கைகட்டி நிற்பதா, சகிப்பின்மையை எதிர்ப்பதா, இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியாதே என்று கேட்டார்கள். 1999-ல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துத் தனியாக ஒரு பிரகடனம் கொண்டுவந்தது.

தடுப்பு என்ன என்று கேட்டீர்கள். பொது அறம் என்று ஒருவர் சொல்வதாலேயே அது பொது அறம் ஆகிவிடாது என்பதுதான் தடுப்பு. காரணம் காட்டச் சொல்லுங்கள். அவர் திணிக்கும் விதி அவருக்கே பொருந்துமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க முடிவது, பதில் தவறாக இருக்கலாம் என்பதால்தான்.

அகல்விழி

சகிப்புத்தன்மைக்குச் சார்புவாதம் தேவையில்லை என்பதை ஏற்கிறேன். பொது அறத்தின் பெயரால் பேசுபவர் மீதான சந்தேகத்தை மட்டும் கைவிட மாட்டேன்.

இரவுப்பணி

எல்லாத்தையும் படிச்சேன். எங்க வேலையில இப்போ சில இடத்துல செய்யறதைச் சொல்றேன். ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே நோயாளிகிட்ட கேட்டுடறது. "டெஸ்ட் முடிவு வரும்போது விவரமெல்லாம் உங்ககிட்ட சொல்லணுமா, இல்ல வீட்டுல யாராவது ஒருத்தர்கிட்ட சொன்னா போதுமா?" சில பேரு எனக்கு எல்லாம் தெரியணும்பாங்க. சில பேரு, பையன்கிட்ட சொல்லிடுங்க, அவன் பாத்துக்குவான்னு நிம்மதியா சொல்லிடுவாங்க. அப்புறம் பையன்கிட்ட சொல்றது மறைக்கிறது ஆகாது, அவங்க கேட்டதைத்தான் செய்யறோம். வேற வேற வழக்கம் உள்ளவங்களுக்கும் இது ஒத்துவருது. ரிப்போர்ட் வந்த பிறகு கேட்டா உபயோகம் இல்லை, கேக்கிற முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. அந்த அம்மா விஷயத்துல யாரும் முன்னாடி கேக்கல.

மெய்ப்பொருள் சார், இது நீங்க சொல்ற பொது அறமா, இல்ல சமாளிப்பா?

மெய்ப்பொருள்

சமாளிப்பு இல்லை அக்கா. நீங்கள் சொன்னதில் ஒரு பொதுத் தரமும் இருக்கிறது, பல வழக்கங்களுக்கு இடமும் இருக்கிறது. யாரையும் அவர் விருப்பத்துக்கு எதிராக ஏமாற்றக் கூடாது என்பது பொது. எவ்வளவு தெரிந்துகொள்வது, யார் மூலம் என்பது அவரவர் வாழ்க்கை முறை.

பழஞ்சுவடி

நல்ல நடைமுறைதான், நானும் அதையே விரும்புவேன். ஆனால் அது நடுநிலையானது என்று மட்டும் சொல்லாதீர்கள். நோயாளியைக் கேட்ட அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்று தீர்மானித்துவிட்டீர்கள். குடும்பம் முழுசும் ஒரே உயிர், மூத்தவரின் பாரத்தை இளையவர் சுமப்பதுதான் அன்பு என்று உண்மையாகவே வாழ்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்தக் கேள்வியே பாரத்தை நோயாளியின் தலையில் இறக்கிவைப்பதாகப் படும். அவருக்கு மருத்துவத் தகவல் எல்லாம் தெரியும். பழக்கத்தால் கண்ணை மூடிக்கொண்டவரும் இல்லை, தாயைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்தான். கழித்துப் பார்த்த பின் மிஞ்சுவது இதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

மெய்ப்பொருள்

மிஞ்சுகிறது என்பதை மறுக்கவில்லை. நடுநிலை இல்லை என்பதையும் ஏற்கிறேன். தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் நோயாளியின் பக்கம் அது சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு என்னால் சொல்ல முடிந்த காரணம், இரண்டு பக்கமும் தவறு நேர்ந்தால் யாருக்கு என்ன போகிறது என்பது. தெரிய விரும்பாதவரிடம் கேட்டால் அவருக்கு ஒரு சங்கடமான கேள்வி. தெரிய விரும்புகிறவரிடம் மறைத்தால், மிச்சமிருக்கும் நாட்களை எப்படிக் கழிப்பது என்பதே அவர் கையை விட்டுப் போகிறது. ஒரு மகன், தன் தாய் உண்மையில் தெரிய விரும்புகிறார் என்று அறிந்தும், மறைப்பதே சரி என்று நின்றால், அவரோடு எனக்கு இருப்பது மெய்யான அற முரண்பாடு. அவர் தவறு என்றே நினைக்கிறேன். தாயின் விருப்பம் தெரியாமல் தவிக்கும் மகன் விஷயத்தில் எனக்கு அந்த உறுதி இல்லை.

பழஞ்சுவடி

முதல் மகன் விஷயத்தில் நானும் உங்களோடுதான். இரண்டாவது மகனைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. தாய் தன் வாழ்நாளில் தனக்காக என்று எதையும் தனியாக விரும்பிப் பழகாதவர் என்றால், "அவர் விருப்பம்" என்று எதைத் தேடுவது என்பதே எனக்குத் தெளிவாக இல்லை.

இரவுப்பணி

ஐயா, அப்படிப்பட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன். முதல்ல "எனக்கென்ன தெரியும், அவங்களைக் கேளுங்க"ம்பாங்க. மகனும் மருமகளும் வெளியே போனதும் மெதுவா வேற ஒண்ணு கேப்பாங்க. எல்லாரும் இல்ல, ஆனா நிறையப் பேர். அதனால நான் ரெண்டு தடவை கேப்பேன். குடும்பத்தோட இருக்கும்போது ஒரு தடவை, தனியா இருக்கும்போது ஒரு தடவை. ரெண்டு பதிலும் ஒண்ணா இருந்தா அதையே எழுதி வைப்பேன். வேற வேறயா இருந்தா எதை எடுத்துக்கணும்னு டாக்டரோட உட்கார்ந்து பேசுவோம். அங்கதான் இன்னும் எங்களுக்குள்ள சண்டை வருது.